60 வந்தது, 4 உடைந்தது

வணக்கம். ஒரு நிறுவனம் புதிய கணினி முறைக்கு மாறப்போகிறது என்றால், அதை அன்றாடம் பயன்படுத்தப்போகிறவர்களுக்குப் பயிற்சித் திட்டம் ஒன்று போடுவார்கள். எந்த அறை, எத்தனை நாள், யார் நடத்துவது என்று அது தொடங்கும். சோதனை கடைசியில் வரும், அதுவும் நேரம் மிஞ்சினால். நான் இதைத் தலைகீழாகப் போடச் சொல்வேன். முதலில் சோதனையை எழுதுங்கள். வகுப்பும் கையேடும் அதிலிருந்து தானாகப் பிறக்கும்.

ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். வந்து இறங்கும் சரக்கை வரவு வைப்பவர் இனி நோட்டில் எழுத மாட்டார், திரையில் பதிவார். அவருக்கான சோதனை இது. 100 பெட்டிக்கான ஆர்டரும், 60 பெட்டி வந்ததாகச் சொல்லும் டெலிவரி சலானும் கையில் கொடுக்கிறோம். 60-ல் 4 உடைந்திருக்கின்றன. "இதைப் பதிவு செய்யுங்கள்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை.

சரியாகச் செய்தால் 56 பெட்டி நல்ல இருப்பில் சேரும், 4 தனியாக நிறுத்திவைக்கப்படும், ஆர்டரில் 40 பாக்கி நிற்கும். பழைய பழக்கத்தில் ஆர்டரைத் திறந்து, அதில் ஏற்கெனவே தெரியும் 100-ஐ அப்படியே சேமித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் வராத 40 பெட்டிக்கும் கணக்குப் பிரிவு பணம் கட்டிவிடலாம். பில்லை அவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தப் பதிவோடுதான்.

இரண்டாவது பகுதி இன்னும் முக்கியம். 60 என்று போட வேண்டிய இடத்தில் யாரோ 6 என்று போட்டுச் சேமித்துவிட்டார்கள், திருத்துங்கள் என்கிறோம். தெரியாதவர் மறுபடி 60 போடுவார். இருப்பு 66 ஆகும். ஆர்டர் 100 என்பதால் சிஸ்டம் தடுக்காது, ஒரு எச்சரிக்கைகூட வராது. தெரிந்தவர் முதல் பதிவை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுவார். சிஸ்டமே கண்டுபிடித்துச் சொல்லிவிடும் தவறை வைத்துச் சோதித்தால் ஆளின் திறமை தெரியாது. அதனால்தான் இந்த எண்கள்.

பக்கத்தில் நிற்பவர் வாய் திறக்கக் கூடாது. இது சொல்வதற்கு எளிது, செய்வது கடினம். யாரிடமும் கேட்காமல் முடித்தாரா, கேட்டாரா, எந்தத் திரையில் நின்றுவிட்டார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஆம், இல்லை' என்று சிறு பெட்டி ஒன்று திரையில் வரும்போது படிக்காமலே 'ஆம்' அழுத்துகிறாரா என்றும் பார்க்க வேண்டும். வகுப்பில் தலையாட்டியதும் வருகைப் பட்டியலில் கையெழுத்திட்டதும் இதற்கு ஈடாகாது.

இனி வகுப்பு. புரொஜெக்டரில் எல்லாத் திரைகளையும் காட்டும் வகுப்பை விட்டுவிடலாம். ஒரே வேலை பார்க்கும் பத்துப் பேர், ஆளுக்கொரு கணினி, இரண்டு மணி நேரம். அதில் பாதிக்கு மேல் அவர்களே செய்து பார்க்கட்டும். பயிற்சிக்கென்று தனி சர்வர் வேண்டும். காலை வகுப்பு அந்த 60 பெட்டியை வரவு வைத்துவிட்டால் மதிய வகுப்புக்கு ஆர்டரில் 40 பெட்டிதான் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் தரவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும். இதை மறந்து, பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாயால் விளக்கும் வகுப்புகள் ஏராளம்.

கையேடு? இருநூறு பக்கம் வேண்டாம். வேலைக்கு ஒரு பக்கம், கணினிக்கு அருகில் ஒட்டும்படி. சோதனையின்போதும் அதைப் பார்க்க அனுமதிக்கலாம், வேலையிலும் பார்க்கத்தானே போகிறார்கள்? திரை வடிவமைப்பு உறுதியான பிறகே படம் எடுங்கள். இல்லாவிட்டால் கையேட்டில் ஒரு பொத்தான், திரையில் வேறொன்று.

பலரும் கணக்கில் விடுவது சோதனைக்கான நேரம். அறுபது பேர், ஆளுக்கு அரை மணி என்றால் முப்பது மணி நேரம். மூன்று பேர் பார்த்தால் ஆளுக்குப் பத்து மணி நேரம். இரவு ஷிப்டுக்கு இரவிலேயே நடத்த வேண்டும். இரண்டு மாதம் முன்பே வகுப்பை முடித்தால் மறந்துவிடுவார்கள். முந்தைய நாள் வரை இழுத்தால் தவறியவருக்கு மறுவாய்ப்பு இருக்காது. மாறும் நாளுக்கு முந்தைய மூன்று வாரத்தில் வகுப்பு, கடைசி ஐந்து வேலை நாள் மறுசோதனைக்கு என்று ஒதுக்குவது என் வழக்கம்.

தேறியவருக்கு மட்டும் புதிய முறையின் பாஸ்வேர்டு. இது கெடுபிடி என்று துறைத் தலைவர்கள் முகம் சுளிப்பார்கள். சரி, மறுசோதனையிலும் தேறாதவரை என்ன செய்வது? முதல் வாரம் தேறிய ஒருவர் அவர் பக்கத்தில் உட்காரட்டும், பதிவு அந்தத் தேறியவரின் பெயரிலேயே போகட்டும். ஒரே ஷிப்டில் பாதிப் பேருக்கு மேல் ஒரே திரையில் தடுமாறினால் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள். அந்தத் திரையையோ அதற்கான ஒரு பக்கக் குறிப்பையோ மாற்ற வேண்டும். அதற்கும் நேரம் போதாவிட்டால், அந்த ஷிப்டை மட்டும் ஒரு வாரம் தள்ளி மாற்ற முடியுமா என்று திட்டத் தலைவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.