கனவில் அடங்காத வகுப்பு

வணக்கம் நேயர்களே. ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் ஆசிரியர்கள் பலருக்கு ஒரு கனவு வரும். வகுப்புக்குள் போகிறார்கள், பிள்ளைகள் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ஒருவன் பெஞ்ச் மேல் ஏறி நிற்கிறான். அதட்ட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. இதற்காக யாரும் ஆலோசகரைத் தேடி வரவேண்டியதில்லை. வேலை தொடங்கியதும் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். நான் இன்று பேச வந்தது, இதே கனவு அக்டோபரில், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி.

உசிலம்பட்டிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஒரு டீச்சர் என்னிடம் வந்தார். மதுரையில் வீடு, காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏற வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு இந்தக் கனவில் விழித்தால் மறுபடி தூக்கம் வருவதில்லை. அந்த நேரம் தற்செயல் இல்லை. தெளிவான கனவுகள் வரும் தூக்கக் கட்டம் இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக இருக்கும்.

அவர் சொன்னதில் ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "சார், நெசத்துல என் கிளாஸ் சத்தமே போடாது."

அப்படியானால் கனவு எங்கிருந்து வருகிறது? தலைமாட்டில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, கனவு வந்த நாளையும் அதற்கு முந்தைய பகலில் நடந்ததையும் எழுதச் சொன்னேன். மூன்று வாரக் குறிப்பில் பிள்ளைகள் சேட்டை செய்த நாளுக்கும் கனவுக்கும் தொடர்பு தெரியவில்லை. லீவு போட்ட ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பு பார்த்து, ஒரு பீரியட் கூட ஓய்வில்லாமல் போய், இரவு வீட்டில் மதிப்பெண் பதிவேற்ற உட்கார்ந்து இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்த நாட்கள்தான் திரும்பத் திரும்ப இருந்தன. அப்புறம், ஞாயிற்றுக்கிழமை இரவுகள்.

இந்தக் குறிப்பு காட்டியது பணிச்சோர்வை. அதை அளக்க அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். அது மூன்றைப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, நாம் கவனிக்க வேண்டிய மனிதர்களிடம் ஒட்டாமல் போவது, செய்யும் வேலையால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. களைப்பு எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் ஒளிந்திருக்கும், ஆசிரியரிடம் அது பேச்சில் தெரியும். இந்த டீச்சர் முன்பு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித்தான் பேசுவாராம். இப்போது "இதுங்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது" என்கிறார். அப்பா இறந்து பத்து நாள் கழித்து வந்த ஒரு பையனிடம், வீட்டுப்பாடம் எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கவலை குறைந்திருக்கும்.

பணிச்சோர்வை நோய் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. ஆனால் வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவருக்கு அப்படி இல்லை, லீவு நாளில் தங்கை வீட்டில் நன்றாகச் சிரித்துப் பேசினார்.

கெட்ட கனவுக்கு ஒரு பயிற்சி உண்டு. பகலில் கனவை எழுத வேண்டும், பிறகு பிடித்த மாதிரி அதை மாற்றி எழுத வேண்டும், மாற்றியதைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்மூடி மனதில் ஓட்ட வேண்டும். பெரிய அதிர்ச்சியிலிருந்து வந்த கனவென்றால் இதைத் தனியாகச் செய்யக்கூடாது. வகுப்பை அடக்கிக் காட்டுவது போல இவர் எழுதுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண்ணைக் கூப்பிட்டு போர்டில் கணக்குப் போடச் சொல்வது போல எழுதி வந்தார். கத்தவே இல்லை. சில வாரங்களில் கனவு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

ஆனால் களைப்பு குறையவில்லை. எப்படிக் குறையும்? பீரியட் எண்ணிக்கை அதேதானே. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனார். புலம்பாமல், எந்த வாரம் எத்தனை பதில் வகுப்பு என்று காட்டினார். பதில் வகுப்புகளுக்கு இப்போது முறை வைத்திருக்கிறார்கள். பதிவேற்றும் வேலையைப் பிரித்துத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மாலை மட்டும் அதைத் தொடுவதில்லை என்று இவர் முடிவு செய்தார், திங்கட்கிழமை மதியம் செய்கிறார்.

யாரிடமாவது பேசினால் தேவலை என்று இருக்கும் ஆசிரியர்கள் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நன்றி, வணக்கம்.