நீளமான பிராம்ப்ட்டில் தொலைந்த ஏழாம் எண் பில்

திரையில்: ஒரு பில் பட்டியல். 0005, 0006, 0008, 0009.

இந்தப் பட்டியலைச் சற்று உற்றுப் பாருங்கள். ஆறாம் எண் பில் இருக்கிறது, எட்டாம் எண் இருக்கிறது. ஏழைக் காணவில்லை.

ஈரோட்டில் போர்வையும் துண்டும் விற்கும் ஒரு சிறிய கடைக்காக, ஏஐ கருவியைக் கொண்டு நான் உருவாக்கிய பில்லிங் செயலி இது. வாடிக்கையாளர் ஒருவர் பில் போட்ட பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைக்காரர் அந்தப் பில்லைச் செயலியில் நீக்கினார். அது சுவடே இல்லாமல் அழிந்துபோனது. ஜிஎஸ்டி விதிகளின்படி பில் எண்கள் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக வர வேண்டும். நடுவில் ஒன்று விடுபட்டால், தணிக்கைக்கு வருபவரின் கண் நேராக அங்கேதான் போகும்.

இதை நான் கருவியிடம் சொல்லாமல் விடவில்லை. "ரத்தான பில்லை அழிக்கக் கூடாது, ரத்து என்று குறித்து வைக்க வேண்டும்" என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். கருவிக்கு நான் எழுதிக்கொடுத்த சுமார் 1,400 சொற்கள் கொண்ட பிராம்ப்ட்டில் அது 23ஆவது கட்டளை. மொத்தம் 40 கட்டளைகள் இருந்தன.

திரையில்: நீண்ட பிராம்ப்ட் மேலிருந்து கீழே ஓடுகிறது. நடுவில் ஒரு வரி மட்டும் மஞ்சளாகிறது.

கருவி அந்த வரியைப் படிக்காமல் தாண்டவில்லை. பிராம்ப்ட் முழுவதும் டோக்கன்களாக, அதாவது சிறு சிறு சொல்துண்டுகளாக உடைந்து, கருவியை இயக்கும் மாடலுக்குள் போகிறது. அடுத்த துண்டை எழுதும் ஒவ்வொரு முறையும், முன்னால் உள்ள எல்லாத் துண்டுகளுக்கும் மாடல் ஒரு எடை கொடுக்கிறது. அதன் உள்ளே இப்படி எடை போடும் பகுதிகள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் எடைகளைக் கூட்டினால் சரியாக 1 வரும். அந்த ஒன்றைத்தான் எல்லா வரிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பொத்தானின் நிறத்தைப் பற்றி ஆறு வரி எழுதினால், அந்த ஆறும் பில் ரத்து வரியோடு போட்டியிடும்.

வரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். "நடுவில் தொலைவது" என்ற பொருள்படும் தலைப்பில் 2023இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. விடை இருக்கும் பகுதியை நீண்ட உரையின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்தால் மாடல்கள் அதைப் பெரும்பாலும் சரியாகப் பிடித்தன. நடுவில் வைத்தால் தடுமாறின. இன்றைய மாடல்கள் அதைவிட நன்றாகச் செய்கின்றன. ஆனாலும் 23ஆவது வரியில் உயிர்நாடியான விதியை வைக்க நான் இனித் துணிய மாட்டேன்.

அடுத்தது எளிய கணக்கு. ஒரு கட்டளையைக் கருவி சரியாகப் பின்பற்றும் வாய்ப்பு 98 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கட்டளைகளையும் ஒருசேரப் பின்பற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 82 சதவீதம். நாற்பது என்றால் 45 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத கட்டளைகள் என்று எடுத்துக்கொண்டு போட்ட கணக்குத்தான் இது. ஆனால் நிஜத்தில் கட்டளைகள் ஒன்றையொன்று தொடுகின்றன, சில சமயம் மோதவும் செய்கின்றன. என் பில் தொலைந்ததும் அந்த மோதலில்தான்.

திரையில்: பிராம்ப்ட்டின் நான்காம் வரி. "எல்லாப் பட்டியல்களிலும் சேர்க்க, திருத்த, நீக்க வசதி வேண்டும்."

நான்காம் வரியில் இதை எழுதியதே நான்தான். பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மனத்தில் வைத்து எழுதினேன். பில்லும் ஒரு பட்டியல்தானே! ஒரு வரி நீக்கு என்கிறது, இன்னொன்று நீக்காதே என்கிறது. எது பெரியது என்று நான் சொல்லவில்லை. மாடல் பயிற்சியில் பார்த்த எண்ணற்ற செயலிகளில் சேர்க்க, திருத்த, நீக்க என்ற மூன்றும் ஒன்றாகவே வரும். பழகிய தடத்தில் அது போய்விட்டது. கருவி கட்டளையை மதிக்கவில்லை என்று நாம் புகார் சொல்லும் இடங்களில் பலவற்றைத் தோண்டினால், அது நம்முடைய வேறொரு கட்டளையை மதித்திருப்பது தெரியவரும்.

அப்படியானால் எதை வைப்பது, எதை எடுப்பது? பிராம்ப்ட்டை அச்சிட்டு, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்த வரி இல்லாவிட்டால் கருவி தவறாகச் செய்யுமா?

"பயன்படுத்த எளிதாக, அழகாக, நவீனமாக இருக்க வேண்டும்." எடுத்துவிடலாம். அந்த வரி இல்லையென்றால் கருவி வேண்டுமென்றே அசிங்கமாகச் செய்யப்போவதில்லை. சரியாகச் செய்ததா என்று சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. "பிற்காலத்தில் மூன்று கிளைகள் வரலாம்." இதையும் எடுத்துவிடலாம், இதை வைத்திருந்ததால்தான், இல்லாத கிளைகளுக்கெல்லாம் கருவி திரைகள் கட்டியிருந்தது. நிறம், எழுத்துரு, பொத்தான் வடிவம் எல்லாம் தனியாக ஒதுக்கினேன். அவை தேவைதான், ஆனால் செயலி ஓடத் தொடங்கிய பிறகு பத்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது வரி விகிதத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் ஜிஎஸ்டி விகிதம் மாறியது. விகிதத்தைப் பொருளோடு மட்டும் சேமித்து வைத்தால், அதை மாற்றிய நொடியில் பழைய பில்லைத் திறந்தாலும் புதிய வரி காட்டும். பில் போட்ட நாளின் விகிதம் அந்தப் பில்லிலேயே பதிவாக வேண்டும். இதைக் கருவி தானாக ஊகிக்கும் என்று நம்ப முடியாது. ஆயிரம் பில் போட்ட பிறகு திருத்துவதும் பெரும்பாடு. ஆகவே இந்த வரி இருந்தே தீர வேண்டும், அதுவும் மேலே. கருவியால் ஊகிக்க முடியாதது, பின்னால் மாற்றினால் செலவு வைப்பது, சரியா தவறா என்று சோதிக்க முடிவது: இந்த மூன்றும் பொருந்தும் வரியை நான் தொடவே மாட்டேன்.

திரையில்: புதிய பிராம்ப்ட்.

"ஒரு கடை, ஒரு கணினி, ஒரே பயனருக்கான பில்லிங் செயலி. முதல் கட்டமாக பில் போடுவதும் ரத்து செய்வதும் மட்டும்.
பில்லை நீக்கும் வசதி எங்கும் இருக்கக் கூடாது. ரத்தானால் 'ரத்து' என்று குறி. அதன் எண்ணை மறுபடி பயன்படுத்தாதே.
பில் எண் நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக வர வேண்டும், 16 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.
வரி விகிதத்தையும் விலையையும் பில் போடும் நேரத்தில் பில்லிலேயே பதிந்து வை.
தொகைகளை முழு எண்ணாக, பைசாவில் சேமி."

முன்பு எழுதியதில் இது ஒரு சிறு பகுதிதான். பொருள் பட்டியல், வாடிக்கையாளர் பட்டியல், மாத அறிக்கை ஒவ்வொன்றையும் அடுத்தடுத்த கட்டங்களில் கேட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் இந்த விதிகளை மறுபடி மேலே ஒட்டினேன். உரையாடல் நீளும்போது பல கருவிகள் பழைய பகுதியைச் சுருக்கிக்கொள்கின்றன. அப்படிச் சுருக்கும்போது இத்தகைய நுணுக்கமான விதிகள் உதிர்ந்துவிடலாம்.

வெட்டுவதிலும் அளவு வேண்டும். "ஒரு பில்லிங் செயலி செய்" என்று மட்டும் கேட்டால், மற்ற எல்லா முடிவுகளையும் கருவியே எடுத்துவிடும். மாதிரிக்காக இருபது பில்களை இணைப்பதிலும் தவறில்லை. அவை ஒரே விஷயத்தைத்தான் விளக்குகின்றன, புதிய கட்டளையாகப் போட்டியிடுவதில்லை. ஆனால் அந்த மாதிரிகள் விதியோடு முரண்படாமல் இருக்க வேண்டும்.

ஒரு வரியை எடுப்பதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால், அந்த வரி இல்லாமல் மூன்று முறை புதிதாக ஓட்டிப் பாருங்கள். மூன்று முறையும் சரியாக வந்தால் அந்த வரி உழைக்கவில்லை. ஒருமுறை பிசகினாலும் அதை மீண்டும் சேர்த்துவிடுங்கள்.

திரையில்: மூன்று பில்கள் போடப்படுகின்றன. நடுவில் உள்ளது ரத்து செய்யப்படுகிறது. பட்டியல்: 0001, 0002 ரத்து, 0003.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இந்த மூன்று பில் சோதனையை நான் செய்கிறேன். இரண்டாம் எண் சிவப்பு எழுத்தில் அங்கேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பிராம்ப்ட்டை எழுதத் தொடங்குகிறேன்.