நூடுல்ஸ் தட்டில் சாஸ்கள் சேர்க்கும் கலோரி

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வதக்கிச் செய்யும் நூடுல்ஸில் நாம் ஊற்றும் தக்காளி கெச்சப், சோயா சாஸ், சில்லி சாஸ் ஆகிய மூன்றும் ஒரு தட்டுக்கு எத்தனை கலோரி சேர்க்கின்றன என்பதை இன்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்கான தட்டை எடுத்துக்கொள்வோம். வேகவைப்பதற்கு முன் 75 கிராம் எடையுள்ள ஹக்கா நூடுல்ஸ், முட்டைக்கோஸ், கேரட், குடைமிளகாய் எல்லாம் சேர்ந்து 100 கிராம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். நூடுல்ஸில் சுமார் 260 கலோரி, காய்களில் 30, எண்ணெயில் 120. ஆக, சாஸ் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே தட்டில் ஏறத்தாழ 410 கலோரி இருக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் உலர்ந்த நூடுல்ஸுக்கு உரியது. வெந்தபின் நீரை உறிஞ்சிக் கனத்துப்போன நூடுல்ஸை நிறுத்து அந்த அளவால் பெருக்கினால் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

இப்போது சோயா சாஸ். ஒரு மேசைக்கரண்டியில் 10 கலோரிக்கு மேல் பெரும்பாலும் இராது. சோயாவையும் கோதுமையையும் புளிக்கவைத்து எடுக்கும் இந்தச் சாற்றில் பெரும்பகுதி நீரும் உப்பும்தான். உப்புக்குக் கலோரி கிடையாது. ஆனால் அதே ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம், அதாவது இரண்டு கிராமுக்கும் சற்று அதிகமான உப்பு, உள்ளே போகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே பரிந்துரைக்கிறது என்பதால், சோயா சாஸ் ஊற்றும் நாளில் நூடுல்ஸ் வேகும் தண்ணீரிலும் காயிலும் தனியாக உப்புப் போடாமலிருப்பதே சரி.

சில்லி சாஸில் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. மிளகாயும் வினிகரும் முதன்மையாக உள்ள காரமான சாஸ் ஒரு மேசைக்கரண்டிக்கு 15 முதல் 20 கலோரி தரும். தாய்லாந்து பாணி இனிப்பு சில்லி சாஸோ 40 கலோரியைத் தொடும். பாட்டிலின் பின்புறம் உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். அங்கே மிளகாய்க்கு முன்னால் சர்க்கரை வந்தால் அது இனிப்பு வகை என்று கொள்ளலாம்.

மூன்றிலும் நாம் கவனமாக அளக்க வேண்டியது கெச்சப்பைத்தான். 100 கிராம் பழுத்த தக்காளியில் 20 கலோரி அளவுக்கே இருக்க, அதே எடையுள்ள கெச்சப்பில் 120 கலோரி வரை இருப்பதற்குக் காரணம், தக்காளி சுண்டக் காய்ச்சப்படுவதும், அதைவிட முக்கியமாக, அதனுடன் சேர்க்கப்படும் சர்க்கரையும்தான். நூடுல்ஸில் இரண்டு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 34 கிராம், சேர்த்தால் 40 கலோரி. அதில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை அடங்கியிருக்கும்.

சோயா சாஸும் காரமான சில்லி சாஸும் ஒவ்வொரு மேசைக்கரண்டி, கெச்சப் இரண்டு மேசைக்கரண்டி என்று கொண்டு மூன்றையும் கூட்டினால் ஏறத்தாழ 70 கலோரி. தட்டின் மொத்தம் 480. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தரும் கலோரியோடு ஒப்பிட்டால் இது பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். எடையைக் குறைக்க விரும்பி சோயா சாஸை நிறுத்திவிட்டு, எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சாஸ் மறைமுகமாகவும் கலோரியைக் கூட்டுகிறது. தீ கொழுந்துவிட்டு எரியும்போது கெச்சப்பை ஊற்றினால், அதிலுள்ள சர்க்கரை வாணலியின் அடியில் பிடித்துக் கருகத் தொடங்கும். நூடுல்ஸும் அதோடு ஒட்டிக்கொள்ளும். உடனே கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். அப்படி ஊற்றும் ஒவ்வொரு தேக்கரண்டி எண்ணெயும் 40 கலோரி, அதாவது நூடுல்ஸில் சேர்த்த கெச்சப் முழுவதற்கும் சமம். சோயா சாஸை வதக்கும்போதே வாணலியின் ஓரமாக விட்டு, கெச்சப்பை அடுப்பை அணைத்த பிறகு சேர்த்துப் புரட்டினால் இந்தச் சிக்கல் வராது.

தட்டின் ஓரத்தில் தொட்டுக்கொள்ளப் பிதுக்கும் கெச்சப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதுவும் இரண்டு மேசைக்கரண்டி என்றால் சாஸ்களின் பங்கு 70-இலிருந்து 110 கலோரிக்கு உயர்கிறது. எண்ணெயின் பங்கை நெருங்கிவிடுகிறது. இதை அறியச் சமையலறைத் தராசு ஒன்றே போதும். சமைப்பதற்கு முன்பும், எல்லாரும் சாப்பிட்டு முடித்த பின்பும் கெச்சப் பாட்டிலை நிறுத்துப் பார்த்து, குறைந்த எடையை, அந்தப் பாட்டிலிலேயே 100 கிராமுக்கு என்று அச்சிட்டிருக்கும் கலோரியால் பெருக்கி, நூறால் வகுத்து, சாப்பிட்டவர்களின் எண்ணிக்கைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகமாகப் பிதுக்கிக்கொள்வார்கள் என்பதால், அவர்களுக்கு மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் தனியாக நிறுத்துக் கொடுத்தால் கணக்கு இன்னும் சரியாக வரும். வணக்கம்.