நிலுவை என்கிற ஒரே சொல்

நேயர்களுக்கு வணக்கம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் கடன் ஒப்பந்தங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். அந்த ஒப்பந்தங்களில் நான் அதிக நேரம் உட்காருவது வட்டியும் அபராதமும் வரும் அரைப்பக்கத்தில்தான். மற்ற பக்கங்களில் ஒரு சொல் பிசகினால் வாக்கியம் கொஞ்சம் நொண்டும். இங்கே பிசகினால் ரூபாய் மாறிவிடும்.

ஒரு லோடு ஆட்டோ கடனை எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை 12,500 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கட்ட வேண்டும். கடனில் இன்னும் 4 லட்சம் அடைய வேண்டியிருக்கிறது. ஆட்டோக்காரர் மார்ச் மாதத் தவணையை 5ஆம் தேதி கட்டவில்லை, 23ஆம் தேதிதான் கட்டினார். அபராதம் ஆண்டுக்கு 24 சதவீதம், நாள் கணக்கில். எதன் மேல் 24 சதவீதம்? ஆங்கிலத்தில் 'ஓவர்டியூ அமவுன்ட்' என்று இருந்தது. என்னிடம் சரிபார்க்க வந்த பழைய தமிழாக்கத்தில் 'நிலுவைத் தொகை' என்று இருந்தது.

கேட்கும்போது தப்பாகத் தெரியாது. ஆனால் அதே ஒப்பந்தத்தில் இரண்டு பக்கம் தள்ளி 'அவுட்ஸ்டாண்டிங் அமவுன்ட்' வருகிறது. அதற்கும் தமிழில் 'நிலுவைத் தொகை'தான். முதலாவது, தேதி கடந்தும் கட்டாமல் விட்ட பணம். இரண்டாவது, கடனில் இன்னும் அடைய வேண்டிய மொத்தப் பணம். ஆங்கிலத்தில் இரண்டு சொல், தமிழில் ஒன்றாகிவிட்டது. 12,500 ரூபாய்க்கு 18 நாள் அபராதம் போட்டால் 147 ரூபாய் 95 காசு வருகிறது. அதே 18 நாளுக்கு 4 லட்சத்தின் மேல் போட்டால் 4,734 ரூபாய்க்குப் பக்கம் போகிறது. இரண்டு கணக்கையும் அந்தத் தமிழ் வாக்கியம் அனுமதிக்கிறது.

முதலில் நான் 'தவறிய தவணைத் தொகை' என்று திருத்தினேன். பிறகு அதுவும் உறுத்தியது. ஆட்டோக்காரர் 5ஆம் தேதியே 5,000 கட்டிவிட்டு, மிச்சம் 7,500ஐ மட்டும் தாமதமாகக் கட்டினால்? தவறிய தவணை என்றால் முழுத் தவணை என்று ஒருவர் வாதாடலாம். அதனால் 'உரிய தேதியில் கட்டாமல் விட்ட தொகை' என்று எழுதினேன். மற்றதற்குக் 'கடன் பாக்கி முழுவதும்'. நிலுவை என்கிற சொல்லை அந்த ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிட்டேன். அலுவலக நடையில் ஊறியவர்களுக்கு இது கொஞ்சம் பாமரமாகப் படும். படட்டும்.

அடுத்தது நாள். ஆங்கிலத்தில் 'ஃப்ரம் த டியூ டேட்', அதாவது தவணை நாளிலிருந்து என்று தொடங்கி, பணம் கட்டும் நாள் வரை என்று போகும். 1897ஆம் ஆண்டின் பொது உட்கூறுகள் சட்டம், 9ஆம் பிரிவில், சட்டங்களில் 'ஃப்ரம்' என்று எழுதினால் அந்த முதல் நாள் கணக்கில் சேராது என்கிறது. ஒப்பந்தம் எழுதும் வக்கீல்களுக்கும் அந்தப் பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. தமிழில் நமக்கு நேர்மாறு. 'திங்கள் முதல் வெள்ளி வரை கடை திறந்திருக்கும்' என்றால் திங்கட்கிழமையும் கடை உண்டு. ஆக 'தவணை நாள் முதல்' என்று நான் எழுதினால் 5ஆம் தேதியும் கணக்கில் ஏறிவிடும். 5ஆம் தேதி இரவு வரை பணம் கட்ட அவருக்கு உரிமை இருக்கிறதே, அந்த நாளுக்கு எப்படி அபராதம்?

இதை நான் கண்டுபிடித்தது படித்து அல்ல. எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கண்டுபிடித்துக் கொடுத்தார். வட்டிப் பிரிவை முடித்ததும் ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் அதை மட்டும் கொடுத்து, ஒரு கணக்குப் போடச் சொல்வது என் வழக்கம். விளக்கம் எதுவும் சொல்ல மாட்டேன். அண்ணாச்சி போட்ட தொகை 156 ரூபாய் 16 காசு. நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அனுப்பியிருந்தது 147 ரூபாய் 95 காசு. எட்டு ரூபாய் இடிக்கிறது. "என்ன தம்பி, 5ஆம் தேதி முதல்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, எண்ணினா 19 நாள் வருது" என்றார். இப்போது 'தவணை நாளுக்கு மறுநாள் முதல், பணம் கட்டும் நாளையும் சேர்த்து' என்று எழுதுகிறேன். பணம் கட்டும் நாள் சேருமா சேராதா என்பதை நானாக முடிவு செய்யவில்லை. நிறுவனத்திடம் கேட்டு, அவர்களுடைய கணினி எப்படி எண்ணுகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

காலத்தைச் சொல்லும் 'ஆண்டுக்கு' என்ற சொல்லை விட்டுவிடுபவர்களும் உண்டு. நம் ஊரில் "ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்" என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆகவே 'கூடுதலாக 2 சதவீதம்' என்று மொட்டையாக எழுதினால், படிப்பவர் காதில் அது மாதத்துக்கு என்றே விழும். ஆண்டுக்கு 2 என்பது அவர் மனசில் 24 ஆகிவிடும். எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் 'ஆண்டுக்கு' என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், வாக்கியம் இழுத்தாலும் சரி.

'மன்த்லி ரெஸ்ட்ஸ்' என்று ஒரு தொடர் இருக்கிறது. அதை 'மாதாந்திர ஓய்வுகளுடன்' என்று ஆக்கியதை நானே பார்த்திருக்கிறேன். கடனுக்கு மாதம் ஒருமுறை லீவு போல! உண்மையில், மாதக் கடைசியில் வட்டியைக் கணக்கிட்டு, கட்டாவிட்டால் அசலோடு சேர்ப்பது என்று அர்த்தம். ஆண்டுக்கு 12 சதவீதத்தில் ஒரு லட்சம் வாங்கி, ஒரு வருஷம் எதுவும் கட்டாவிட்டால், 12,000 அல்ல, ஏறக்குறைய 12,683 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். 'அந்தந்த மாத வட்டி மாதக் கடைசியில் அசலோடு சேர்க்கப்படும்' என்று விரித்துத்தான் எழுத வேண்டும்.

ஆனால் இந்தச் சேர்க்கை அபராதத்துக்குக் கிடையாது. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, தவணை தவறினால் வசூலிப்பது கட்டணமாக இருக்க வேண்டும், வட்டி விகிதத்தோடு கூட்டும் 'அபராத வட்டி'யாக இருக்கக் கூடாது என்றது. அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடவும் கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் புதுக் கடன்களுக்கு இதுதான் நடைமுறை. ஆங்கில ஒப்பந்தங்கள் மாறிவிட்டன. தமிழாக்கத்தில் மட்டும், பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுவதால், 'அபராத வட்டி' இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வட்டி என்று பெயர் வைத்துவிட்டால், மேலே சொன்ன 'அந்தந்த மாத வட்டி அசலோடு சேர்க்கப்படும்' என்ற வாக்கியம் அதையும் இழுத்துக்கொள்ளும். ஒரு பிரிவில் செய்த தவறு இன்னொரு பிரிவில் போய்ப் பணமாகிறது. 'அபராதக் கட்டணம்' என்று எழுதி, 'இது அசலோடு சேராது, இதன் மேல் வட்டியும் கிடையாது' என்பதையும் அதே இடத்தில் வைக்கிறேன்.

எல்லாம் திருத்திய பிறகு பிரிவு இப்படி நின்றது: 'தவணைத் தொகையை உரிய தேதியில் முழுவதும் கட்டாவிட்டால், கட்டாமல் விட்ட தொகையின் மேல் மட்டும், ஆண்டுக்கு 24 சதவீதம் என்ற வீதத்தில், ஆண்டுக்கு 365 நாள் என்று வைத்து, தவணை நாளுக்கு மறுநாள் முதல், பணம் கட்டும் நாளையும் சேர்த்து, நாள் கணக்கில் அபராதக் கட்டணம் வசூலிக்கப்படும். இது அசலோடு சேராது, இதன் மேல் வட்டியும் கிடையாது.'

அண்ணாச்சியிடம் மறுபடி கொண்டுபோனேன். கால்குலேட்டரைத் தட்டினார், 147 ரூபாய் 95 காசு. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று கேட்டார்: "அது சரி தம்பி, 5ஆம் தேதி ஞாயித்துக்கிழமையா இருந்தா?" ஆங்கில மூலத்தைத் திரும்பவும் புரட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தமிழில் நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே எழுதி, அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தேன்.

வணக்கம்.