இருபது நிமிடமும் ஒரு படித்துறை விளக்கும்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது." எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் தொடங்குவதில்லை. இன்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன்: இளக்காரம், வாய்மூடல், பிள்ளைகள் முன்னால் போடும் சண்டை.

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அக்கா வீடு. அடகு வைத்த சங்கிலியை மீட்கச் சொல்லி அக்கா கேட்டாள். அத்தான் பேப்பரை விரித்துக்கொண்டார். "ஆமா, பெரிய ஜமீன்! மீட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பாக" என்று அக்கா உதட்டைச் சுழித்தாள். அவ்வளவுதான். அத்தானிடமிருந்து ஒரு சொல் இல்லை. அரை மணி நேரமாகப் பேப்பரில் ஒரு பக்கம் புரளவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. அப்புறம் பதினோரு நாள், "ஏல, உங்கம்மாட்ட சொல்லு" என்று மகன் வழியாகத்தான் பேச்சு. "கல்லு மாதிரி இருக்காக, நெஞ்சே கிடையாது" என்று அக்கா அழுதாள்.

நான் நர்ஸாக இருந்தவள். அடுத்த முறை அவர் அப்படி உட்கார்ந்தபோது பிரஷர் மிஷினைக் கையில் கட்டினேன். நாடித்துடிப்பு 112. கல்லு என்று நினைத்த மனிதர் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கிறார்!

அமெரிக்காவில் சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, கருவி பொருத்தி, பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். மணமுறிவுக்கு முன்னறிகுறிகளில் இளக்காரத்தைத்தான் முதலில் வைக்கிறார். துடிப்பு 100-ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். ஒருமுறை, கருவி பழுது என்று சண்டையை நிறுத்தி, அரை மணி நேரம் பத்திரிகை படிக்கச் சொன்னார்களாம். அப்புறம் தொடர்ந்தபோது பேச்சு தணிந்திருந்தது.

அதையே அத்தானுக்குச் சொன்னேன். பேப்பருக்குள் ஒளியாமல், "20 நிமிஷம் கழிச்சுப் பேசுவோம், படித்துறைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதல் தடவை பலிக்கவில்லை. படியில் உட்கார்ந்து பதிலடியை ஒத்திகை பார்த்துவிட்டு இன்னும் சூடாக வந்தார். தண்ணீரில் காலை நனைத்து, மீனைப் பார்த்து, சண்டையை நினைக்காமல் இருந்த நாளில்தான் பேச்சு நடந்தது. சொன்ன நேரத்துக்குத் திரும்புவதும் முக்கியம், இல்லாவிட்டால் அதுவும் வாய்மூடல்தான். அக்காவும் ஜமீனை விட்டுவிட்டு, "வெறுங்கழுத்தோட கல்யாண வீட்டுக்குப் போகக் கூச்சமா இருக்கு, எந்த மாசம் மீட்போம்?" என்று கேட்டாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்! ஆனால் கை ஓங்கும் வீட்டுக்கு இது மருந்தில்லை, அங்கே முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும்.

சரி, இப்போது பேரூராட்சி உறுப்பினர்களைப் பார்த்துக் கேட்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு அத்தான் படித்துறைக்குப் போய்விடுவார். அக்காவுக்கு நெஞ்சு படபடத்தால் அவள் எங்கே போவாள்? நம்ம ஊர்ப் படித்துறை அந்த நேரத்தில் கும்மிருட்டு. அடுக்களையில் பாத்திரத்தோடுதான் நிற்க வேண்டும். அந்த 20 நிமிடம் பெண்களுக்கும் வேண்டும். இரண்டு விளக்கும், படிக்கு மேலே ஒரு சிமெண்ட் பெஞ்சும் போதும். பிள்ளைகளைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு அந்த வலப்பக்க மேசையில், நோட்டுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.