முழுக் கைப்பேசியா, புலனம் மட்டுமா?

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட்டில் கைப்பேசி பழுதுபார்க்கும் தொழில் செய்கிறவன் நான். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: புலனத்தில், அதாவது வாட்ஸ்ஆப்பில், தொலைந்த உரையாடல்களைத் திரும்ப எடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு, அதற்காகக் கைப்பேசியையே முழுதாக அழித்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் பொருளாளர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். அடைமழையில் அவருடைய பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி கால்வாயில் விழுந்து செத்துப்போனது. புதியது வாங்கிப் பத்து நாள்களாகப் பயன்படுத்தி வந்தார். திருவிழா நன்கொடைப் பட்டியலும் வங்கிச் சீட்டுப் படங்களும் பழைய புலனக் குழுவில் இருந்தன, புதியதில் ஒன்றுமில்லை. "எல்லாம் மேகச் சேமிப்பில் இருக்கிறது, ரீசெட் செய்து முழுக் காப்புநகலையும் இறக்குங்கள்" என்று மருமகன் சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அதற்குமுன் என்னிடம் வந்தார்.

முதலில் கூகுள் டிரைவைத் திறந்து Backups என்ற பக்கத்தைப் பார்த்தேன். பழைய கைப்பேசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காரணம் எளிது. புதிய கைப்பேசியை விற்றவர் புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுத்திருக்கிறார். பழைய கணக்கைச் சேர்த்ததும் இரண்டு வரிகள் தெரிந்தன. ஒன்று பழைய கைப்பேசியின் பெயரில் இருந்த சாதனக் காப்புநகல். மற்றொன்று அவருடைய தொலைபேசி எண்ணோடு இருந்த புலனக் காப்புநகல். இரண்டுக்கும் தேதி தனித்தனி.

ஆண்ட்ராய்டில் சாதனக் காப்புநகல் என்பது அழைப்புப் பட்டியல், குறுஞ்செய்திகள், அமைப்புகள், செயலிகளின் பட்டியல் போன்றவற்றைத்தான் கொண்டுவரும். புலனத்தைக்கூட மறுபடி நிறுவிக் கொடுத்துவிடும். ஆனால் உள்ளே உரையாடல் இருக்காது. அது புலனத்தின் சொந்தக் காப்புநகலிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பொருளாளர் ரீசெட் செய்திருந்தால், பத்து நாள்களில் எடுத்த படங்களையும் இழந்து, தேடி வந்த பட்டியலும் கிடைக்காமல் நின்றிருப்பார்.

ஆகவே புலனத்தை மட்டும் மீட்டோம். அதில் ஒரு சங்கடம் உண்டு. பழைய உரையாடலும் புதிய உரையாடலும் ஒன்றாகக் கலக்காது. பழையதை இறக்கினால் பத்து நாள் செய்திகள் போய்விடும். எனவே முக்கியமான உரையாடல்களை Export chat மூலம் அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்தோம். பிறகு புலனத்தை நீக்கி மறுபடி நிறுவி, அதே எண்ணை உறுதிப்படுத்தினோம். பழைய கணக்கைத் தேர்ந்தெடுத்ததும் காப்புநகலின் தேதியும் அளவும் திரையில் வந்தன. கைப்பேசி கால்வாயில் விழுந்ததற்கு முந்தைய நாள் தேதி. அதைப் பார்த்த பிறகே Restore அழுத்தினோம். செய்திகள் முதலில் வந்தன. படங்கள் வைஃபையில் மெதுவாக இறங்கின.

பழைய நகலை இறக்கவா என்ற கேள்வியைப் புலனம் நிறுவும்போதுதான் கேட்கும். அவசரத்தில் Skip அழுத்திவிட்டு, அதே கணக்கிலேயே தொடர்ந்து பயன்படுத்தினால், அடுத்த தானியங்கிக் காப்புநகல் பழையதன்மீது எழுதிவிடும். இவர் விஷயத்தில் கணக்கு மாறியிருந்ததே பழையதைக் காப்பாற்றியது. செய்திகள் வரவில்லை என்று தெரிந்த நிமிடமே Settings, Chats, Chat backup சென்று தானியங்கிக் காப்பை நிறுத்திவிடுங்கள். எண்ணும் முக்கியம். ரீலோட் செய்யாமல் காலாவதியாகிவிட்டால் உறுதிப்படுத்தும் குறியீடு வராது. அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனக் கடைக்குப் போய் அதே எண்ணுக்குப் புதிய சிம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

அப்படியானால் முழு மீட்பு எப்போது? கைப்பேசி புத்தம் புதிதாக, இன்னும் எதுவும் சேராமல், முதல் அமைப்புத் திரையில் இருக்கும்போது. அப்போது பழைய கணக்கில் நுழைந்து முழுவதையும் இறக்குங்கள். பிறகு புலனத்தைத் திறந்து அதன் நகலையும் இறக்குங்கள். இரண்டும் தேவைப்படும் நேரம் அது.

ஐபோனில் நிலைமை வேறு. ஐகிளவுட் சாதனக் காப்புநகலில் செயலிகளின் தரவும் அடங்கும். ஆனால் அதை இறக்கக் கைப்பேசியை முழுதாக அழிக்க வேண்டும், அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவை போய்விடும். புலனம் மட்டும் போயிருந்தால், அங்கேயும் செயலியை நீக்கி நிறுவி, ஐகிளவுடில் உள்ள அதன் சொந்த நகலை இறக்குவதே போதும். கூகுள் டிரைவில் உள்ள நகல் ஐபோனில் இறங்காது.

கடைசியாக, Chat backup பக்கத்தில், நகலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் மறையாக்கக் காப்பை நீங்கள் இயக்கியிருந்தால், கடவுச்சொல்லையோ 64 எழுத்துத் திறவுகோலையோ தாளில் எழுதி வங்கிப் புத்தகத்தோடு வையுங்கள். அது தொலைந்தால் அந்த நகலை நானும் திறக்க முடியாது, புலன நிறுவனமும் திறக்க முடியாது.