ஆர்கான் அணுவின் அகலத்தைக் காந்தம் காட்டும் விதம்

[திரையில்: தனித்த ஓர் ஆர்கான் அணு]

ஆர்கான் அணுவிலுள்ள 18 எலக்ட்ரான்களும் எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இணைகளாக அமைந்து, தாம் இருக்கும் ஒவ்வொரு துணைக்கூட்டையும் முழுமையாக நிரப்பியுள்ளன. ஆகவே அணுவின் மொத்தக் கோண உந்தம் சுழியாகிறது. அதற்கென நிலையான காந்தத் திருப்புத்திறன் ஏதும் இல்லை. ஆயினும் வலுவான காந்தப்புலம் ஆர்கானை மிக மெல்லிய விசையுடன் விலக்கித் தள்ளுகிறது. இதுவே டயா காந்தத்தன்மை.

[திரையில்: மேல்நோக்கிய காந்தப்புலம், மெல்லச் சுழலும் எலக்ட்ரான் மேகம்]

புலம் செலுத்தப்பட்டதும், எலக்ட்ரான் மேகம் முழுவதும் புலத்தின் திசையை அச்சாகக் கொண்டு eB/2m என்னும் கோண வேகத்தில் சுழலத் தொடங்குகிறது. அச்சுழற்சி ஒரு நுண்ணிய மின்னோட்டம். லென்ஸ் விதிப்படி அதன் திருப்புத்திறன் புலத்திற்கு எதிராக நிற்கும். மின்னோட்ட வளையத்தின் திருப்புத்திறன் அதன் பரப்பைப் பொறுத்தது, பரப்போ ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அணுவின் அளவு கணக்கிற்குள் நுழையும் இடம் இதுதான். 1905-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லாஞ்செவின் முன்வைத்த இக்கருத்து இன்று இவ்வாறு எழுதப்படுகிறது:

χ = −(μ₀ N_A e² / 6mₑ) Σ⟨r²⟩

இதில் χ என்பது மோலார் காந்த ஏற்புத்திறன், அதாவது ஒரு மோல் பொருள் புலத்திற்கு எவ்வளவு காந்தமாகிறது என்பதன் அளவு; Σ⟨r²⟩ என்பது ஒவ்வோர் எலக்ட்ரானும் கருவிலிருந்து இருக்கும் தொலைவின் வர்க்கச் சராசரிகளின் கூட்டுத்தொகை. எண்களுக்கு வருவோம். SI முறையில் உள்ள இச்சூத்திரத்தை 4π-ஆல் வகுத்து CGS முறைக்கு மாற்றி, போர் ஆரத்தின் வர்க்கத்தை அலகாகக் கொண்டால், Σ⟨r²⟩-இன் ஒவ்வோர் அலகும் மோலார் காந்த ஏற்புத்திறனில் −0.79×10⁻⁶ கன சென்டிமீட்டரைச் சேர்க்கிறது. ஆர்கானுக்கு அளந்தறிந்த மதிப்பு ஏறத்தாழ −19.3×10⁻⁶, எனவே கூட்டுத்தொகை 24.4. இதை 18-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.16 போர் ஆரம், அதாவது சுமார் 0.62 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும்.

ஆனால் இந்தச் சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. அணுவின் எலக்ட்ரான் பரவலைத் தோராயமாகக் கணிக்கும் ஹார்ட்ரீ-ஃபாக் கணக்கீட்டின்படி 3p எலக்ட்ரான் ஒவ்வொன்றின் ⟨r²⟩ 3.31, 3s எலக்ட்ரானுடையது 2.35, ஆனால் 2p எலக்ட்ரானுடையது வெறும் 0.17, 1s எலக்ட்ரானுடையது 0.01 மட்டுமே. மொத்தம் 26-இல் வெளிப்புற எட்டு எலக்ட்ரான்களே 24.6-ஐத் தருகின்றன. உள்ளே இருக்கும் பத்தும் இருந்தும் இல்லாதது போலத்தான். அளவீடு காட்டும் 24.4-ஐவிடக் கணக்கீடு சற்றே மிகுதி என்பதையும் கவனிக்க வேண்டும்.

[திரையில்: ஆர்கான் உருளையும் தராசும்]

ஆய்வகத்தில் தொல்லை தருவது ஆக்சிஜன். அதன் மூலக்கூறில் இணையாத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால், அறை வெப்பநிலையில் அதன் மோலார் ஏற்புத்திறன் சுமார் +3450×10⁻⁶. ஆர்கானில் அரை விழுக்காட்டிற்குச் சற்று மேல் ஆக்சிஜன் கலந்திருந்தாலே டயா காந்த விளைவு முழுவதும் மறைந்து, தராசு சுழியைக் காட்டும். இதைக் கண்டறிய, வெப்பநிலையை மாற்றி மோல் ஒன்றுக்கான மதிப்பைப் பார்க்க வேண்டும்: ஆர்கானின் பங்கு மாறாது, ஆக்சிஜனின் பங்கோ குளிரக் குளிர வளரும்.